கஸ்டமர் சப்போர்ட் ரெஸ்யூமே: செய்த வேலையும் விளைந்த பலனும்

கஸ்டமர் சப்போர்ட் எக்ஸிகியூட்டிவாக இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவரின் ரெஸ்யூமேயில், அனுபவப் பகுதி பெரும்பாலும் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதிலளித்தல், புகார்களைப் பதிவு செய்து தீர்த்தல், தீராதவற்றை மேலதிகாரிக்கு எஸ்கலேட் செய்தல், புதியவர்களின் பயிற்சிக்கு உதவுதல். நான்கும் உண்மைதான். ஆனால் அதே இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தாலும் இந்த நான்கு வரிகளையும் எழுதியிருக்க முடியும். வேலை என்ன என்பது ஆளெடுப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். பல நேரங்களில் அவரே அந்த வேலையிலிருந்து மேலே வந்தவர். இவர் அதை எவ்வளவு, எவ்வளவு நன்றாகச் செய்தார், இவரால் அங்கே எது மாறியது என்பதைத்தான் அவர் தேடுகிறார். கடமை வரிக்கும் சாதனை வரிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

சாதனை வரிக்கு எளிய இலக்கணம் ஒன்று உண்டு. கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2014-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அதைப் பரவலாக அறியச் செய்தார். எதைச் சாதித்தார், அது எந்த அளவால் தெரிகிறது, அதை எப்படிச் செய்தார் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். இவற்றில் எண்ணைச் சேர்ப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதான ‘எப்படி’ விடுபட்டுப் போகிறது. ஆனால் நம்பிக்கையைத் தருவது அந்த மூன்றாவது பகுதிதான். எண்ணை யாரும் எழுதிவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் செயலைச் செய்தவரால்தான் விளக்க முடியும்.

எண்களைப் பொறுத்தவரை சப்போர்ட் வேலையில் இருப்பவருக்குக் குறை வைக்க வழியில்லை. ஆசிரியரோ, அலுவலக எழுத்தரோ தம் வேலையை எண்ணில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும். கால் சென்டரில் ஒவ்வொரு நிமிடமும் அளக்கப்படுகிறது. பேசிய நேரம், ஹோல்டில் வைத்த நேரம், அழைப்பு முடிந்த பின் குறிப்பு எழுதிய நேரம் மூன்றையும் கூட்டி, அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஏ.ஹெச்.டி. எனப்படும் சராசரிக் கையாளும் நேரம். வாடிக்கையாளர் அதே குறைக்காகத் திரும்ப அழைக்காமல் முதல் தொடர்பிலேயே தீர்ந்தவற்றின் பங்கு எஃப்.சி.ஆர். அழைப்பு முடிந்ததும் கேட்கப்படும் மதிப்பீட்டிலிருந்து வருவது சி-சாட். பதிவான அழைப்புகளில் சிலவற்றைக் கேட்டுத் தர ஆய்வாளர்கள் போடுவது கியூஏ மதிப்பெண். வாராந்திர ஸ்கோர்கார்டில் இந்த நான்கும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

இவற்றில் எந்த எண்ணும் தனியாக நின்றால் நம்பத்தக்கதல்ல. ஏ.ஹெச்.டி.யைக் குறைத்ததாக ஒருவர் எழுதினால், அனுபவமுள்ள டீம் லீடருக்கு உடனே எழும் கேள்வி, எப்படிக் குறைத்தார் என்பதுதான். அழைப்பை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டாலும் நேரம் குறையும். பாதி பதிலோடு முடித்துவிட்டாலும் குறையும். அப்போது அதே வாடிக்கையாளர் மறுநாள் திரும்ப அழைப்பார். அந்தச் சுமை இன்னொருவரின் கணக்கில் ஏறும். ஆகவே வேகத்தைச் சொல்லும் எண்ணோடு தரத்தைச் சொல்லும் எண் ஒன்றும் சேர்ந்து வர வேண்டும். நேரம் குறைந்தும் கியூஏ மதிப்பெண் இறங்கவில்லை என்றோ, நேரம் சற்றுக் கூடினாலும் திரும்ப வரும் அழைப்புகள் குறைந்தன என்றோ எழுதும்போதுதான் அது சாதனையாகிறது.

எழுதவே கூடாத எண்களும் உண்டு. 80 சதவீத அழைப்புகள் 20 விநாடிகளுக்குள் எடுக்கப்பட்டன என்பது போன்ற சர்வீஸ் லெவல் கணக்கு அவற்றில் முதன்மையானது. எத்தனை பேரை எந்த ஷிப்டில் உட்கார வைப்பது என்று திட்டமிடும் பிரிவின் கையில் இருப்பது அது; தனி ஊழியர் அதை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. அதைத் தன் பெயரில் எழுதியவர், அந்த எண் எப்படி உருவாகிறது என்றே தனக்குத் தெரியாது என்பதைக் காட்டிக்கொடுத்து விடுகிறார்.

இந்த மாற்றம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். சென்னையில் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்துக்கான வாய்ஸ் ப்ராசஸில் 2 ஆண்டு 4 மாதம் பணியாற்றிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் சொன்ன நான்கு வரிகளும் அவருடையவை. இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டவை. கணக்கிடும் முறை எவருக்கும் பொருந்தும்.

முதல் வரி, அழைப்புகளுக்குப் பதிலளித்தல். இதில் பெரிய சாதனை எதுவும் ஒளிந்திருக்காது. ஆனால் அளவைச் சொன்னால் இந்த வரிக்கும் உயிர் வரும். நாளுக்கு எத்தனை அழைப்புகள் எடுத்தார் என்பது நினைவில் இல்லையென்றால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 9 மணி நேர ஷிப்டில் இடைவேளை ஒரு மணி நேரம் போனால் மிஞ்சுவது 480 நிமிடம். அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், வேலையில் கழிவது 384 நிமிடம். ஓர் அழைப்புக்குச் சராசரி ஆறரை நிமிடம் ஆனால் 59 அழைப்புகள். மீட்டிங், பயிற்சி, சிஸ்டம் கோளாறு எல்லாவற்றையும் கழித்து, நாளுக்கு 55 என்று எழுதுவது பாதுகாப்பானது.

இந்த இடத்தில் ஓர் ஆசை எழும். 55-ஐ மாதத்தின் 22 வேலை நாட்களால் பெருக்கி, அதையும் 28 மாதங்களால் பெருக்கினால் 33,000-ஐத் தாண்டும். அந்தப் பெரிய எண்ணைப் போட்டால் என்ன? போடாமல் இருப்பதே நல்லது. நாளுக்கு 55 என்றால் ஆளெடுப்பவர் அதைத் தன் தளத்தில் நடப்பதோடு உடனே ஒப்பிட்டுப் பார்ப்பார். 33,000 என்பதை எதனோடும் ஒப்பிட முடியாது. வேலையில் இருந்த காலம் நீண்டது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. எனவே முதல் வரி இப்படி ஆகிறது:

பிராட்பேண்ட் வாய்ஸ் ப்ராசஸில் நாளுக்குச் சராசரியாக 55 இன்பவுண்ட் அழைப்புகளை, தமிழிலும் ஆங்கிலத்திலும், 6 நிமிடம் 30 விநாடி ஏ.ஹெச்.டி.யில் கையாண்டது.

இரண்டாவது வரி, புகார்களைத் தீர்த்தல். உண்மையான சரக்கு இருப்பது இங்கேதான். எனவே இதில் நிதானமாக இறங்க வேண்டும். இதைத் தோண்ட உதவும் கேள்வி ஒன்று: பக்கத்து இருக்கையில் இருந்தவர் செய்யாத எதை இவர் செய்தார்? எண்களை முதலில் தேடாமல், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு எண்ணைத் தேடுவதே சரியான வரிசை. நமது எடுத்துக்காட்டில் இருப்பவர் யோசித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ‘நெட் வரவில்லை’ என்று அழைப்பவர்களிடம் எல்லோரும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி, வேலை செய்தால் சொல்லுங்கள் என்று முடித்துவிடுவார்கள். ஃபைபர் இணைப்பின் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பில் எரிந்தாலோ, விட்டு விட்டு எரிந்தாலோ, வெளியிலிருந்து வரும் ஒளிச்சைகை மோடத்தை வந்தடையவில்லை என்று பொருள். கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது சரியாவது அரிது. டெக்னீஷியன் நேரில் போக வேண்டும். இவர் அழைப்பின் தொடக்கத்திலேயே அந்த விளக்கின் நிறத்தைக் கேட்டார். சிவப்பு என்றால் நேராக ஃபீல்டு டிக்கெட் போட்டார். சிவப்பு இல்லையென்றால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி, இணைப்பு திரும்பும்வரை லைனிலேயே இருந்தார்.

செயல் கிடைத்துவிட்டது. அது எந்த எண்ணைத் தொட்டிருக்கும் என்று பார்த்தால், எஃப்.சி.ஆர். அந்த நிறுவனம் அதை அளந்த விதம், அதே குறைக்காக 7 நாட்களுக்குள் வாடிக்கையாளர் மறுபடி அழைக்காவிட்டால் முதல் தொடர்பிலேயே தீர்ந்ததாகக் கொள்வது. ஸ்கோர்கார்டுகளின்படி, இந்தப் பழக்கத்தைத் தொடங்கும்முன் இவருடைய எஃப்.சி.ஆர். 64 சதவீதம்; ஆறு மாதம் கழித்து 75. இதோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே ஆறு மாதத்தில் குழுவின் சராசரி எப்படி நகர்ந்தது? ஒருவேளை மழைக்காலம் முடிந்து கேபிள் பழுதுகள் குறைந்திருக்கலாம். நிறுவனம் நல்ல மோடங்களைக் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியிருந்தால் எல்லோருடைய எண்ணும் ஏறியிருக்கும். இவர் அதைத் தன் பெயரில் எழுதுவது சரியாகாது. குழுச் சராசரி 66-லிருந்து 68-க்குத்தான் போயிருந்தது. குழு 2 புள்ளி ஏறிய காலத்தில் இவர் 11 புள்ளி ஏறியிருக்கிறார். இந்த ஒப்பீடு இல்லாமல் 75 என்ற எண் நல்லதா கெட்டதா என்பதே வெளியாளுக்குத் தெரியாது.

விலையும் உண்டு. விளக்கின் நிறம் கேட்பதிலும், லைனில் காத்திருப்பதிலும் இவருடைய ஏ.ஹெச்.டி. 6 நிமிடம் 10 விநாடியிலிருந்து 6 நிமிடம் 30 விநாடியாகக் கூடியிருந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. மாதத்துக்குச் சுமார் 1,200 அழைப்புகளில் 36 சதவீதம் திரும்பி வந்தால் 432. 25 சதவீதமானால் 300. குறைந்தபட்சம் 132 அழைப்புகள் வராமல் போயின. ஆறரை நிமிடத்தால் பெருக்கினால் 858 நிமிடம், அதாவது 14 மணி நேரத்துக்கு மேல். கூடுதலாகச் செலவான நேரமோ 1,200 அழைப்புகளுக்கு 20 விநாடி வீதம் 400 நிமிடம், ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. கணக்கு லாபத்தில்தான் முடிகிறது. ஆனால் இந்த 14 மணி நேரம் ஒரு மதிப்பீடு. யாரும் அதை நேரடியாக அளக்கவில்லை. ஆகவே அதை ரெஸ்யூமேயில் போடாமல், நேர்காணலில் கேட்டால் சொல்லும் கணக்காக வைத்துக்கொள்வதே முறை. வரி இப்படி அமைகிறது:

மோடத்தின் எல்.ஓ.எஸ். விளக்கை முதலில் சரிபார்த்து ஃபீல்டு பழுதுகளைத் தொடக்கத்திலேயே பிரித்ததன் மூலம், எஃப்.சி.ஆர். 6 மாதத்தில் 64 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தது (குழுச் சராசரி 68 சதவீதம்).

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 64-லிருந்து 75-க்குப் போனதை ‘17 சதவீத உயர்வு’ என்று எழுதுபவர்கள் உண்டு. 11-ஐ 64-ஆல் வகுத்தால் அப்படித்தான் வரும். தவறில்லை, ஆனால் படிப்பவர் 17 புள்ளிகள் என்று புரிந்துகொள்வார். உண்மை தெரியும்போது ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் இரண்டையுமே கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

மூன்றாவது வரி, எஸ்கலேஷன். இவருடைய பதிவுகளில் நூறு அழைப்புகளுக்கு ஆறு என்ற கணக்கில் எஸ்கலேஷன் இருந்தது. குழுவுக்கும் அதே ஆறுதான். இரண்டு ஆண்டில் அது நகரவே இல்லை. இப்படி இருக்கும்போது எப்படியாவது ஓர் எண்ணைத் திணிக்க முயல்வதுதான் பெரும்பாலான ரெஸ்யூமேக்கள் கெட்டுப்போகும் இடம். எதுவும் மாறாத இடத்தில் சாதனை வரி கிடையாது. அந்த வரியை நீக்கிவிடலாம். ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து, ‘மேனேஜரிடம் பேச வேண்டும்’ என்று கோபமாக வரும் அழைப்புகளைத் தன் ஷிப்டில் இவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். நாளுக்கு எட்டு முதல் பத்து. அவற்றில் எத்தனை மேலே போகாமல் முடிந்தன என்ற பதிவு யாரிடமும் இல்லை. எனவே பலனைச் சொல்ல முடியாது. பொறுப்பின் அளவைச் சொல்லலாம். குழுவில் உள்ள 15 பேரில் இந்த அழைப்புகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதே ஒரு சான்றுதான். எண் இல்லாத பலனைக் கற்பனை செய்து சதவீதமாக்குவதைவிட, உண்மையான பொறுப்பை அப்படியே எழுதுவது வலுவானது.

நான்காவது வரி, பயிற்சிக்கு உதவுதல். ‘உதவுதல்’ என்ற சொல்லைக் கண்டதும் படிப்பவர் தாண்டிப்போய்விடுவார். மூன்று பேட்ச்களில் மொத்தம் 14 புதியவர்களுக்கு, அவர்கள் நேரடி அழைப்புகளை முதன்முதலாக எடுக்கும் நெஸ்டிங் காலத்தில், பக்கத்தில் இருந்து வழிகாட்டினார் என்பதே நடந்தது. 14 பேரில் 11 பேர் 30 நாளுக்குள் கியூஏ இலக்கைத் தொட்டார்கள். மற்ற பேட்ச்களில் இந்தக் கணக்கு என்ன என்பது இவருக்குத் தெரியாது; ஆகவே ஒப்பீடு இல்லாமல் 14-க்கு 11 என்று மட்டுமே எழுதலாம். இவ்வளவு சிறிய தொகையில் ‘79 சதவீதம்’ என்று போடுவது பொருந்தாது. நபர்களை நபர்களாகவே எண்ணுவது நல்லது.

சி-சாட் இந்த நான்கு வரிகளில் வரவில்லை, காரணத்தோடுதான். மதிப்பீடு கேட்கப்படும் வாடிக்கையாளர்களில் சிறுபகுதியினரே பதில் தருகிறார்கள். ஒரு மாதத்தில் 20 பேர் மட்டும் பதில் தந்து 19 பேர் திருப்தி என்றால் 95 சதவீதம். இன்னொருவர் முகம் சுளித்தாலே 90-க்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு நல்ல மாதத்தின் எண்ணைப் பொறுக்கியெடுக்காமல், மூன்று அல்லது ஆறு மாதச் சராசரியைப் பயன்படுத்த வேண்டும். 5-க்கு 4.6 என்ற சராசரியும், 4 அல்லது 5 கொடுத்தவர்களின் சதவீதமும் வெவ்வேறு அளவுகள் என்பதையும் மறக்கக் கூடாது. முதலாவதை 92 சதவீதம் என்று மாற்றி எழுதினால், நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே அது சரிந்துவிடும்.

இந்த எண்கள் எல்லாம் எங்கே கிடைக்கும் என்பதே பலருக்குத் தடையாக இருக்கிறது. வேலையில் இருக்கும்போது சொந்த ஸ்கோர்கார்டைப் பார்த்து மாதம் ஒருமுறை குறித்துவைப்பதே சிறந்த வழி. ஆனால் பல ப்ராசஸ்களில் தளத்துக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. கார்டு விவரங்கள் கையாளப்படும் இடங்களில் பேனா, காகிதம்கூடக் கொண்டுபோக முடியாது. டாஷ்போர்டைப் படம் எடுப்பதோ, ரிப்போர்ட்டைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வதோ வேலையையே பறிக்கக்கூடிய விதிமீறல். மாதாந்திர மதிப்பாய்வில் டீம் லீடர் சொல்லும் தன் சொந்த எண்களை நினைவில் வைத்து, வெளியே வந்ததும் எழுதிக்கொள்வதில் பொதுவாகத் தடை இருக்காது. வேலையை விட்டுவிட்டவர்களுக்கு அப்ரைசல் கடிதம், இன்சென்டிவ் வந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, பாராட்டுச் சான்றிதழ் ஆகியவை கைகொடுக்கும். எந்த இலக்கை எட்டினால் அந்த இன்சென்டிவ் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தால், அந்தச் சீட்டே குறைந்தபட்ச எண்ணைக் காட்டிவிடும். பழைய டீம் லீடரிடம் கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. பின்னால் விசாரணைக்கு அழைப்பு வந்தால் பேசப்போவது அவர்தான் என்பதால் அது இரட்டிப்புப் பயன்.

வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் ‘இந்தியாவின் ஒரு பிராட்பேண்ட் நிறுவனம்’ என்று எழுதினாலே போதும். அந்த நிறுவனத்தின் மொத்தப் புகார் எண்ணிக்கை, வெளியேறிய வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை போன்றவை ரெஸ்யூமேயில் இடம்பெறவே கூடாது. அவற்றை எழுதியவர் நாளை நம் தகவலையும் இப்படித்தான் வெளியே சொல்வார் என்று புதிய நிறுவனம் நினைக்கும்.

வரிகள் தயாரானதும் அவற்றின் வரிசையை மாற்ற வேண்டும். வேலை நடந்த வரிசை ரெஸ்யூமேக்குத் தேவையில்லை. நமது எடுத்துக்காட்டில் எஃப்.சி.ஆர். வரி முதலில் வரும். அடுத்து கோபமான அழைப்புகளின் பொறுப்பு, பிறகு 14 புதியவர்கள், கடைசியாக நாளுக்கு 55 அழைப்புகள். டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்றால் புதியவர்களின் வரியே முதலிடம் பெறும். ரெஸ்யூமே ஆங்கிலத்தில் எழுதப்படும்போது ஒவ்வொரு வரியும் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று தொடங்காமல், உயர்த்தியது, குறைத்தது, பயிற்றுவித்தது என இறந்தகால வினைச்சொல்லில் தொடங்க வேண்டும். எந்த வரியும் இரண்டு வரி நீளத்தைத் தாண்டக் கூடாது. எண்களை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுத வேண்டும்.

அனுப்பும்முன் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்: இது எப்படி அளக்கப்பட்டது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அதே காலத்தில் மற்றவர்களுக்கு எவ்வளவு? நேர்காணலில் வரப்போவதும் இவையேதான். பதில் இல்லாத எண்ணை எடுத்துவிட வேண்டும். நினைவிலிருந்து சொல்லும் எண்ணுக்கு முன்னால் ‘சுமார்’ என்று சேர்க்க வேண்டும். நான்கு வரிகளில் இரண்டில் மட்டும் உறுதியான எண் இருந்து, மற்ற இரண்டும் எண்ணில்லாத நேர்மையான பொறுப்புகளாக இருந்தாலும் அந்த ரெஸ்யூமே போதுமானது.